குர்த்தியின் நிறத்தை மாற்றும்போது கூந்தல், பை வார், கட்டிய கை ஆகியவற்றின் ஓரங்கள் கெடாமல் பார்ப்பது எப்படி?

ஒரே குர்த்தி நான்கு நிறங்களில் வந்திருக்கும், ஆனால் ஒரு நிறத்தை மட்டும் மாடல் அணிந்து படம் எடுத்திருப்பார்கள். மற்ற மூன்றையும் கணினியில் மாற்ற வேண்டும். ஆன்லைனில் துணி விற்பவர்களிடம் பட வேலை பழகத் தொடங்குபவர்களுக்கு முதலில் வந்து சேரும் வேலை பெரும்பாலும் இதுதான். மாடல் நேராக நின்று, கைகளைத் தொங்கவிட்டு, முடியைப் பின்னால் தள்ளியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அப்படி யாரும் நிற்பதில்லை. தோளில் கூந்தல் விழுந்திருக்கும், குறுக்கே பையின் வார் ஓடும், கைகள் மார்பின் குறுக்கே கட்டியிருக்கும்.

இங்கே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு முழுதாகச் செய்து பார்ப்போம். படம் 4000 × 6000 பிக்சல். மாடல் அணிந்திருப்பது வெளிர் சந்தன நிறப் பருத்திக் குர்த்தி. இடது தோளின் முன்பக்கம் கறுப்புக் கூந்தல் விழுகிறது. பழுப்புத் தோல் வார் ஒன்று வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு இறங்குகிறது. முழங்கை வரை சட்டைக்கை, அதற்குக் கீழே வெறும் கை, இரு கைகளும் கட்டியபடி. மாற்ற வேண்டிய நிறம் மெரூன். கருவி Photoshop. இதே வேலையை உலாவியில் ஓடும் Photopea-விலும் செய்யலாம், மெனுக்கள் ஏறக்குறைய ஒன்றேதான். GIMP-இல் செய்பவர்களுக்கு 2.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். லேயர்களின் குரூப்புக்கு மாஸ்க் போடும் வசதி, அதாவது மாற்றம் எங்கே தெரிய வேண்டும், எங்கே தெரியக் கூடாது என்று வெள்ளையாலும் கறுப்பாலும் குறிக்கும் வசதி, அதில்தான் வந்தது.

விளிம்பு யாருடையது?

புதிதாக வருபவர்கள் எல்லோரும் குர்த்தியைத்தான் தேர்வு செய்யப் பார்க்கிறார்கள். Quick Selection கருவியால் குர்த்தியின் மேல் தேய்த்து, முடி வரும் இடத்தில் வளைந்து, வார் வரும் இடத்தில் நின்று, கை வரும் இடத்தில் சுற்றி, ஒரே மாஸ்க்காக வெட்டுவார்கள். பிறகு அந்த ஒரே மாஸ்க்கை Select and Mask-இல் கொண்டுபோய்ச் சரிசெய்வார்கள். வாரின் கூர்மையான ஓரத்துக்காக Contrast-ஐ ஏற்றினால் முடி கத்தரித்தது போலாகிவிடும். முடிக்காக Feather-ஐ ஏற்றினால் வாரின் ஓரம் மங்கும். மூன்று விதமான ஓரங்களுக்கு ஒரே அளவு பொருந்தாது.

கொஞ்சம் உற்றுப் பார்த்தால் விஷயம் வேறு என்று தெரியும். வாருக்கும் துணிக்கும் நடுவே இருக்கும் கோடு துணியின் விளிம்பே அல்ல. துணி அங்கே முடியவில்லை, வாருக்கு அடியில் புகுந்து அடுத்த பக்கம் வெளியே வருகிறது. அந்தக் கோடு வாரின் விளிம்பு. இரண்டு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று இருந்தால் நடுவில் தெரியும் ஓரம் மேலே இருப்பதற்கே சொந்தம். குர்த்திக்கு என்று உண்மையில் உள்ள விளிம்புகள் கழுத்து, தோளின் வெளிக்கோடு, பக்கவாட்டு, கீழ் மடிப்பு, சட்டைக்கையின் முனை ஆகியவை மட்டுமே.

ஆகவே வேலையை நான்கு மாஸ்க்குகளாகப் பிரிக்கிறோம். ஒன்று துணியின் முழு உருவம். மேலே எதுவுமே இல்லை என்று எண்ணிக்கொண்டு வரைவது. மற்ற மூன்றும் கூந்தல், வார், கை என்று தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் அதற்கு ஏற்ற கருவி, அதற்கு ஏற்ற மென்மை. ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடாது.

முதலில் நிறம், பிறகு மாஸ்க்

நிறத்தை எப்படி மாற்றுகிறோம் என்பது மாஸ்க்கை எவ்வளவு நுணுக்கமாக வெட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் அதை முதலில் அமைத்துவிட வேண்டும்.

1. படத்தின் மேல் Hue/Saturation அட்ஜஸ்ட்மென்ட் லேயர் சேர்த்து Saturation-ஐ -100 ஆக்குங்கள். சந்தன மஞ்சள் போய் சாம்பலாகும்.
2. அதன் மேல் Solid Color லேயர் சேர்த்து, அதன் பிளெண்ட் மோடை Multiply ஆக்குங்கள்.
3. இரண்டையும் தேர்ந்து Ctrl+G அழுத்தி ஒரு குரூப்பாக்குங்கள். பெயர் "துணி".
4. அந்தக் குரூப்பைத் தேர்ந்து மறுபடி Ctrl+G. பெயர் "கை". இன்னொரு முறை அழுத்தி "வார்". இன்னொரு முறை அழுத்தி "கூந்தல்". இப்போது ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு குரூப்கள்.
5. நான்குக்கும் லேயர் மாஸ்க் சேருங்கள். "துணி"யின் மாஸ்க்கைக் கறுப்பால் நிரப்புங்கள். மற்ற மூன்றும் வெள்ளையாகவே இருக்கட்டும்.

ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் மாஸ்க்குகள் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும். எந்த ஒரு மாஸ்க்கில் கறுப்பு இருந்தாலும் அந்த இடத்தில் நிறம் ஏறாது. நமக்கு வேண்டியது அதுவே. எந்தக் குரூப் வெளியே, எது உள்ளே என்பது இங்கே முக்கியமில்லை.

நான்கு குரூப்களின் மோடும் Pass Through ஆக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறுதலாக ஒன்று Normal ஆகிவிட்டால், மடிப்புகள் எல்லாம் மறைந்து தட்டையான மெரூன் பெயின்ட் அடித்தது போலத் தெரியும். Multiply குரூப்புக்குள்ளேயே அடைபட்டு, கீழே உள்ள படத்தைத் தொடாமல் போவதுதான் காரணம்.

அடுத்து Solid Color-க்கு எந்த மெரூன் கொடுப்பது? விற்பனைக்கு இருக்கும் மெரூன் குர்த்தியை அதே விளக்கில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அதிலிருந்து எண்ணை எடுக்கலாம். கண்ணால் தோராயமாகப் போட்டால் பொருள் கைக்குப் போனபின் "படத்தில் வேறு நிறம்" என்று திரும்பி வரும். நம் எடுத்துக்காட்டில் அந்த எண் R 122, G 30, B 44 என்று வைத்துக்கொள்வோம். இதை அப்படியே Solid Color-இல் போட்டால் படத்தில் இதைவிட இருட்டாகத்தான் வரும், ஏனென்றால் கீழே இருக்கும் துணி முழு வெள்ளை அல்ல. ஐடிராப்பரை 5 by 5 Average-இல் வைத்து, வெளிச்சம் சீராக விழும் இடத்தில் துணியின் மேல் நிறுத்தி Info பேனலைப் பாருங்கள். சந்தன நிறம் R 222, G 212, B 196 என்றால் Saturation நீக்கியபின் அது 209 என்று காட்டும். கணக்கு எளிது:

```
போட வேண்டிய எண் = வேண்டிய எண் × 255 ÷ துணியின் எண்
R: 122 × 255 ÷ 209 = 149
G:  30 × 255 ÷ 209 = 37
B:  44 × 255 ÷ 209 = 54
```

149, 37, 54 என்று போட்டால் படத்தில் 122, 30, 44 வரும். விடை 255-ஐத் தாண்டினால் அந்த நிறம் இந்த வழியில் வராது என்று பொருள். உதாரணமாக R 225 உள்ள கடுகு மஞ்சளுக்கு 275 என்று வரும். அப்போது Hue/Saturation-க்கு மேல் ஒரு Curves லேயர் வைத்து, 209-ஐ 240 வரை தூக்கிவிட்டுப் புதிய எண்ணை வைத்துக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

துணியின் உருவம்

"துணி" மாஸ்க்கை வரைய Pen Tool போதும். கழுத்தில் தொடங்கி, தோள், சட்டைக்கை, பக்கவாட்டு, கீழ் மடிப்பு என்று உண்மையான விளிம்புகளில் மட்டும் கவனமாகப் போங்கள். வாரும் கையும் வரும் இடங்களில் அவை இருப்பதையே மறந்துவிட்டு அவற்றின் மேலேயே கோட்டைக் கொண்டுபோங்கள். Paths பேனலில் இந்தப் பாதையின் மேல் இரட்டைக் கிளிக் செய்து பெயர் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பாதை வரையும்போது இது அழிந்துபோகும். Ctrl+Enter அழுத்தினால் தேர்வாகும். மாஸ்க்கில் வெள்ளை நிரப்புங்கள்.

இப்போது படம் பயங்கரமாக இருக்கும். கை, வார், கூந்தல் எல்லாம் மெரூன். இருக்கட்டும்.

தாராளமாக வரையலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. வாரும் கையும் ஒளி புகாதவை, அடியில் கோடு எங்கே போனாலும் வெளியே தெரியாது. கூந்தல் அப்படியல்ல. இடது தோளில் கூந்தல் விழும் இடத்தில் தோளின் வெளிக்கோடு மறைந்திருக்கிறது, ஆனால் முடிகளின் இடைவெளியில் ஓரிடத்தில் துணியும் அடுத்த இடத்தில் பின்னணிச் சுவரும் தெரியும். அங்கே கோட்டை வெளியே தள்ளி வரைந்தால் முடி இடைவெளியில் சுவர் மெரூனாகிவிடும். உள்ளே தள்ளினால் சந்தன நிறத் துணுக்குகள் மிஞ்சும். ஆகவே கூந்தல் அடர்ந்த இடத்தில் தாராளம், சிதறிய இடத்தில் உண்மைக் கோடு.

அந்த உண்மைக் கோட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? கழுத்தோரத் தையல் ஒரு புள்ளி. சட்டைக்கை தொடங்கும் தோள் முனை இன்னொரு புள்ளி. இடையில் 300 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் முடிகளுக்கு நடுவே நான்கைந்து இடங்களிலாவது துணி முடிந்து சுவர் தொடங்குவது தெரியும். அவை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு ஒரு மெல்லிய வளைவு போகும். சந்தேகம் இருந்தால் வலது தோளை Ctrl+J-ஆல் பிரதி எடுத்து, Flip Horizontal செய்து, 50 சதவீத ஒளிபுகு நிலையில் இடது தோளின் மேல் வைத்துப் பாருங்கள். வழி காட்ட மட்டுமே அது உதவும். பை தொங்கும் தோள் சற்றே உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கும், இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது.

கூந்தல்: குறைவாகச் செய்வதே நல்லது

ஒவ்வொரு முடியையும் மாஸ்க்கில் பிரித்து எடுக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்து பிரித்தபின் ஒவ்வொரு முடியைச் சுற்றியும் ஒரு வெளிர் கோடு நிற்கும். காரணம் இது: தனி முடி ஒன்று பல இடங்களில் ஒரு பிக்சலைவிட மெல்லியது. அந்தப் பிக்சலில் பாதி முடி, பாதி சந்தனத் துணி. மாஸ்க் அதை "முடி" என்று காப்பாற்றினால் அதிலுள்ள பழைய துணியும் சேர்ந்தே காப்பாற்றப்படும். புதிய மெரூனுக்கு நடுவே அந்தப் பழைய துணி பளிச்சென்று தெரியும்.

வெளிர் துணியை அடர் நிறமாக்கும்போது இந்தச் சிக்கலே தேவையில்லை. Multiply என்பது பெருக்கல். முடியின் எண் 30 என்றால் அதன் மேல் மெரூன் ஏறியபின் சிவப்பு 18 ஆகும், அதாவது கறுப்பு இன்னும் கொஞ்சம் கறுப்பாகும். யார் கண்ணுக்கும் தெரியாது. பாதி முடி பாதி துணியாக இருக்கும் பிக்சலில் துணியின் பங்கு மெரூனாகிறது, முடியின் பங்கு கறுப்பாகவே நிற்கிறது. தனி முடிகளை மாஸ்க் செய்யாமல் அப்படியே நிறத்துக்கு அடியில் விட்டுவிட்டாலே சரியாக அமைந்துவிடும்.

தொந்தரவு வருவது முடி பளபளக்கும் இடத்தில். அங்கே எண் 110 வரை போகும், அதன் மேல் மெரூன் ஏறினால் சிவப்புச் சாயம் பூசியது போலாகும். எனவே "கூந்தல்" மாஸ்க்கில் காப்பாற்ற வேண்டியது அடர்ந்த, பளபளக்கும் கொத்துகளை மட்டும்.

வெளிக் குரூப்பான "கூந்தல்"-ஐத் தற்காலிகமாக மறைத்து, அடியில் உள்ள பட லேயரைத் தேர்ந்துகொண்டு, Channels பேனலில் மூன்று சானல்களையும் தனித்தனியாகப் பாருங்கள். பழுப்புச் சாயல் உள்ள முடி பெரும்பாலும் நீலச் சானலில்தான் நன்றாகக் கறுத்துத் தெரியும். அந்தச் சானலைத் தேர்ந்து Ctrl+A, Ctrl+C. "கூந்தல்" குரூப்பை மறுபடி தெரியவைத்து, அதன் மாஸ்க்கை Alt+கிளிக் செய்து திறந்து Ctrl+V, பிறகு Ctrl+D. முழுப் படத்தின் கறுப்பு வெள்ளைப் பிரதி மாஸ்க்கில் வந்து உட்காரும். Ctrl+L அழுத்தி Levels-ஐத் திறந்து, இடது எண் 40, வலது எண் 110 என்று தொடங்குங்கள். அடர்ந்த கூந்தல் கறுப்பாகும், துணியும் தனி முடிகளும் வெள்ளையாகும். உங்கள் படத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப இந்த எண்கள் நகரும்.

அடுத்தது பலர் மறந்துவிடும் படி. கூந்தலைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் வெள்ளை பிரஷால் நிரப்ப வேண்டும். துணியின் ஆழமான மடிப்புகள், வாரின் நிழல், அக்குள் எல்லாம் இந்தப் பிரதியில் சாம்பலாக இருக்கும். அப்படியே விட்டால் அந்த மடிப்புகளில் மெரூன் பாதிதான் ஏறும். வேலை முடிந்த படத்தில் மடிப்புக்குள் சந்தன நிறம் எட்டிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கடைசியாக, முடியின் பளபளப்பு மாஸ்க்கில் வெள்ளைக் கீற்றாக விழுந்திருக்கும். Hardness 0 உள்ள 40 பிக்சல் பிரஷில் கறுப்பு எடுத்து அந்தக் கீற்றுகளை மூடுங்கள். கொத்தின் ஓரத்துக்கு 10 பிக்சல் முன்னரே நின்றுவிடுங்கள். கொத்துக்கு நடுவே துணி தெரியும் பெரிய இடைவெளிகளை மூடிவிடாதீர்கள், அங்கே மெரூன் தெரிந்தால்தான் முடி துணியின் மேல் கிடப்பதாகத் தோன்றும்.

வார்: கோடு எளிது, நிழல்தான் கடினம்

வாருக்கு மறுபடி Pen Tool. இரண்டு ஓரங்களையும் வரைந்து, பாதையை மூடி, Ctrl+Enter, "வார்" மாஸ்க்கில் கறுப்பு. வளைவு திரும்பும் இடங்களில் மட்டும் புள்ளி வையுங்கள். நெருக்கமாகப் புள்ளி வைத்தால் கோடு நெளியும், நேரான பொருளில் நெளிவு உடனே கண்ணில் படும்.

பாதை வாரின் ஓரத்திலேயே போகாமல் 1 பிக்சல் உள்ளே தள்ளிப் போகட்டும். ஓரப் பிக்சல்களிலும் பழைய துணி கலந்திருக்கிறது. நிறம் அவற்றின் மேல் கொஞ்சம் ஏறினால் ஓரம் சற்றே அடர்ந்து இயல்பாக இருக்கும், ஏறாமல் விட்டால் சந்தன நிற நூல் ஒன்று வாரின் நீளத்துக்கும் ஓடும். மாஸ்க்கின் Properties-இல் Feather 0.5 பிக்சல் கொடுத்தால் போதும்.

வாருக்குப் பக்கத்தில், வெளிச்சம் வரும் திசைக்கு எதிர்ப்பக்கமாக, ஒரு மெல்லிய நிழல் விழுந்திருக்கும். சிறிய திரையில் பார்க்கும்போது அது வாரின் ஓரம் போலவே தெரியும். அதையும் சேர்த்து வெட்டிவிட்டால் மெரூன் துணிக்கும் வாருக்கும் நடுவே அழுக்குச் சாம்பல் பட்டை ஒன்று தங்கிவிடும். நிழல் விழுந்திருப்பது துணியின் மேல், ஆகவே அது துணியின் பகுதி, மெரூன் அதன் மேல் ஏற வேண்டும். எது நிழல், எது வார் என்று பிரிக்க 300 சதவீதத்தில் பாருங்கள். வாரில் தையல் நூலும் தோலின் சொரசொரப்பும் தெரியும். நிழலுக்குள் துணியின் நெசவு தொடர்ந்து ஓடும்.

வார் துணியை அழுத்துவதால் இரண்டு பக்கமும் சிறு மடிப்புகள் கிளம்பியிருக்கும். அவற்றைத் துடைத்துச் சுத்தமாக்கிவிட வேண்டாம். அவை போனால் பை மிதப்பது போலிருக்கும்.

கட்டிய கைகள்

கைகளுக்கும் Pen Tool-தான், ஆனால் ஒரே மென்மை கை முழுவதற்கும் ஒத்துவராது. கட்டிய கையில் முழங்கையும் முன்கையும் கேமராவுக்கு அருகே வருகின்றன. கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுத்த படத்தில் முன்கையின் ஓரம் 3, 4 பிக்சலுக்கு மங்கியிருக்கலாம், உடம்போடு ஒட்டிய மேற்கை கூர்மையாக இருக்கலாம். மாஸ்க்கை முதலில் கூர்மையாக வெட்டிவிட்டு, Blur Tool-ஐ மாஸ்க்கின் மேலேயே ஓட்டி, படத்தில் மங்கிய இடங்களில் மட்டும் மங்கவையுங்கள். மங்கிய கையின் மேல் கூர்மையான மாஸ்க் இருந்தால் ஒட்டுப்போட்ட படம் என்று பார்த்தவுடன் தெரியும்.

தவறவிடக்கூடிய இடங்கள் மூன்று. மறு கையின் மேல் படிந்திருக்கும் விரல்களின் இடுக்குகள்: அங்கே சட்டைக்கைத் துணி மெல்லிய கீற்றாகத் தெரியும், அதற்கும் நிறம் ஏற வேண்டும். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள முக்கோணம்: அங்கே தெரிவது பின்னணியா துணியா என்று பார்த்து, பின்னணி என்றால் "துணி" மாஸ்க்கில் கறுப்பாக்க வேண்டும். வளையல்: வளையலுக்கு உள்ளே தோல் தெரிந்தால் கையோடு சேர்த்துக்கொள்ளலாம், தளர்ந்து தொங்கி உள்ளே துணி தெரிந்தால் அந்த ஓட்டையைத் திறந்துவிட வேண்டும்.

கைக்கு அடியில், வயிற்றோடு சேரும் இடத்தில், ஆழமான நிழல் இருக்கும். வாருக்குச் சொன்ன நியாயமே இதற்கும்: நிழல் துணிக்குச் சொந்தம். மெரூன் ஏறியபின் அந்த நிழல் முழுக் கறுப்பாகிவிட்டால் "துணி" குரூப்புக்குள் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves வைத்து, கீழ்ப்பகுதியை மட்டும் லேசாகத் தூக்குங்கள்.

தோலின் மேல் எதிரொளிக்கும் வெளிச்சத்தையும் கவனிக்க வேண்டும். சந்தன நிறத் துணி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், முன்கையின் அடிப்பக்கம் அதனால் பிரகாசமாக இருக்கும். மெரூன் துணி அவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பாது. மாஸ்க் எல்லாம் சுத்தமாக இருந்தும் "ஏதோ சரியில்லை" என்று தோன்றினால் பெரும்பாலும் இதுதான் காரணம். எல்லாக் குரூப்களுக்கும் மேலே இன்னொரு Solid Color லேயர், அதே மெரூன், Multiply, Opacity 10 சதவீதம். அதன் மாஸ்க்கைக் கறுப்பாக்கி, மென்மையான பிரஷால் கையின் அடிப்பக்கம், தாடைக்குக் கீழ், கழுத்தோரம் ஆகிய இடங்களில் மட்டும் திறந்துவிடுங்கள். 15 சதவீதத்தைத் தாண்டினால் தோல் சிவந்து தடித்தது போலாகும்.

கோடும் பூவும் உள்ள துணி என்றால்

நிறம் மட்டும் மாறும்போது சட்டைக்கையும் உடற்பகுதியும் ஒரே மாஸ்க்கில் இருக்கலாம். செங்குத்துக் கோடுகளோ அச்சுப் பூக்களோ உள்ள துணியை ஏற்றும்போது அது முடியாது. தைத்த ஆடையில் சட்டைக்கை தனித் துண்டு, கோடுகள் கையின் நீளவாக்கில் ஓடும். கை மடங்கியிருந்தால் அவையும் முழங்கையில் திரும்பும். உடற்பகுதி, மேற்கை, முழங்கைக்கு அருகே திரும்பும் பகுதி என்று ஒவ்வொன்றுக்கும் தனி லேயர் வைத்து, Edit > Transform > Warp-ஆல் அதனதன் திசைக்குத் திருப்ப வேண்டும். ஒரே துண்டாகப் போர்த்தினால் கோடு சட்டைக்கையிலிருந்து நேராக வயிற்றுக்குப் பாயும்.

மறைந்த இடத்தில் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளிவருகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. பட்டன் பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது மார்பின் நடுவே கட்டிய கைக்கு மேலே தெரிகிறது, கைக்குக் கீழே வயிற்றில் மறுபடி தெரிய வேண்டும். அசல் படத்தில் பட்டி இருந்தால் அதன் இரு முனைகளையும் ஒரு பாதையால் கைக்கு மேலாகவே இணைத்துப் பாருங்கள், வளைவு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இல்லாவிட்டால் கழுத்துக் குழியையும், தொப்புள் இருக்கக்கூடிய இடத்தையும் வைத்து நடுக்கோடு ஒன்று வரைந்துகொள்ளுங்கள். கை கட்டி நிற்பவர் பெரும்பாலும் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்திருப்பார், ஆகவே அது நேர்கோடாக இருக்காது. புதிய துணியைக் கைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரு துண்டுகளாகப் பொருத்தக் கூடாது. கைக்கு அடியிலும் ஓடும்படி ஒரே துண்டாகப் பொருத்தினால் கோடுகள் தாமாகவே சேரும். வாருக்கும் அப்படியே. அகலம் 60 பிக்சல்தான் என்றாலும் இரு பக்கமும் கோடு சேராவிட்டால் கண் அங்கேதான் போய் நிற்கும்.

எதை மாற்ற முடியாது

மேலே சொன்ன எல்லாமே வெளிர் துணி அடர் நிறமாவதற்கு. கறுப்புக் குர்த்தியைச் சந்தனமாக்க வேண்டும் என்றால் கணக்கு தலைகீழ். கறுப்புத் துணியின் மேல் கறுப்பு முடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற தகவலே படத்தில் இல்லை. மடிப்புகள் 15-க்கும் 45-க்கும் இடையில் நெருக்கிக் கிடக்கும், தூக்கினால் நாய்ஸ் கிளம்பும். முடியை ஒவ்வொன்றாகப் பிரஷால் வரைந்து ஒப்பேற்றலாம், ஆனால் பெரிதாக்கிப் பார்ப்பவரிடம் அது எடுபடாது. படப்பிடிப்புக்கு முன்பே உங்களைக் கேட்டால் இருக்கும் நிறங்களில் மிக வெளிரானதை அணியவைக்கச் சொல்லுங்கள். அச்சுத் துணி ஏற்றும் திட்டம் இருந்தால் கேமராவை ஸ்டாண்டிலிருந்து அசைக்காமல், பையைக் கழற்றி, முடியைப் பின்னால் தள்ளி, கையைத் தொங்கவிட்டு இன்னொரு படமும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தோள் கோடும் நடுக்கோடும் ஊகம் இல்லாமல் கிடைத்துவிடும்.

அனுப்புவதற்கு முன்

Solid Color-ஐத் தற்காலிகமாகப் பளிச்சென்ற பச்சையாக்குங்கள். மெரூனில் ஒளிந்துகொண்ட ஓரப் பிழைகள் எல்லாம் வெளியே வரும்: சுவரில் வழிந்த நிறம், விரல் இடுக்கில் விட்டுப்போன துணி, வாரின் ஓரத்து நூல். முடியில் தெரியும் பச்சைச் சாயலை மட்டும் பொருட்படுத்த வேண்டாம், மெரூனில் அது தெரியாது. பிறகு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves லேயர் வைத்து நிழல் பகுதியை நன்றாகத் தூக்கிப் பாருங்கள். கைக்கு அடியிலும் கூந்தலுக்கு அடியிலும் மிஞ்சிய சந்தனத் திட்டுகள் அப்போதுதான் தெரியும். பழைய நிறம் மிஞ்சிய பிழை எந்த மாஸ்க்கில் இருக்கிறது என்று குழப்பம் வந்தால் மாஸ்க்குகளை ஒவ்வொன்றாக Shift+கிளிக் செய்து அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் பிழை மறைகிறதோ, திருத்த வேண்டியது அதில். நான்கில் எதை அணைத்தும் மறையாமல் பழைய நிறம் நின்றால், ஒரே இடத்தை இரண்டு மாஸ்க்குகள் சேர்ந்து மறைக்கின்றன. தோளில் கூந்தல் வாரைத் தொடும் இடம் இருந்தால் அங்கே இதை முதலில் தேடுங்கள்.

பார்த்து முடித்ததும் பச்சையை 149, 37, 54-க்குத் திருப்பி, சோதனைக்கு வைத்த Curves-ஐ அழித்துவிட்டு, PSD-ஆகச் சேமியுங்கள். மாஸ்க்குகள் தயாராக இருப்பதால் அடுத்த அடர் நிறத்துக்கு Solid Color-இன் எண்ணையும், தோல் மேல் வைத்த 10 சதவீத லேயரின் நிறத்தையும் மாற்றினால் போதும்.